நல்லது நடந்தும் மனத்தில் நிற்பதில்லை

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். வயது 41. சென்ற மாதம் நாங்கள் பார்த்து அனுப்பிய சரக்கில் கழுத்துத் தையல் விட்டிருந்ததென்று ஒரு பகுதி திரும்பி வந்தது. மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கேட்டார். சரக்கைச் சரிசெய்து அனுப்பியாகிவிட்டது. ஆனாலும் இரவில் படுத்தால் அந்தக் காட்சிதான் வருகிறது. நல்லதே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். என் மகள் படம் வரைந்து கொண்டுவந்து காட்டினாள். “அழகாக இருக்கிறது” என்று சொல்லி முடிப்பதற்குள் “வீட்டுப்பாடம் முடித்தாயா?” என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் வாடியது. ஒரு தோழி சொன்னாள் என்று நன்றிக் குறிப்பேடு எழுதத் தொடங்கினேன். உடல்நலம், குடும்பம், வேலை என்று தினமும் அதையே எழுதிச் சலித்துவிட்டது. ரசிக்கவே தெரியாதவளாகிவிட்டேனா?

— ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. உங்களுக்கு ரசிக்கத் தெரியும். பல ஆண்டுகளாக உங்கள் கவனம் வேறொன்றில் பழகிவிட்டது, அவ்வளவுதான். செக்கிங் மேசையில் நல்ல பீஸ் ஒரு கணத்தில் உங்கள் கையைக் கடந்து போய்விடுகிறது. எண்ணெய்க் கறையோ விட்ட தையலோ இருந்தால்தான் கை நிற்கிறது, கண் குனிகிறது, அந்த இடத்தில் அடையாளமும் ஒட்டப்படுகிறது. வேலைக்கு அது தேவை. ஆனால் வீட்டிலும் உங்கள் மனம் இதே விதிப்படிதான் இயங்குகிறது: குறை நிற்கிறது, நிறை கடந்துபோகிறது. இது உங்களுக்கு மட்டும் உரியதும் அன்று. ராய் பாமெய்ஸ்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001-இல் பல துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே அளவுள்ள நல்லதையும் கெட்டதையும் ஒப்பிட்டால் கெட்டதே மனத்தில் அதிகம் பதிகிறது என்று கண்டார்கள். உங்கள் தொழில் அந்த இயல்பைக் கூர்தீட்டியிருக்கிறது.

கெட்டதைச் சமாளிப்பது ஒரு திறன், நல்லதில் திளைப்பது வேறொரு திறன் என்று உளவியலாளர் ஃப்ரெட் பிரையன்ட் நெடுங்காலமாக எழுதிவருகிறார். முதலாவது நன்றாக வாய்த்தவர்களுக்கு இரண்டாவதும் வாய்த்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. திரும்பி வந்த சரக்கைச் சரிசெய்து அனுப்பிய உங்களிடம் முதல் திறன் இருக்கிறது. இரண்டாவதை எங்கே இழக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெளிவாக இருக்கிறது: “வீட்டுப்பாடம் முடித்தாயா?” என்ற அந்தக் கேள்வியில். நல்ல கணம் ஒன்று வந்தவுடன் அதை அணைத்துவிடும் வாக்கியம் ஒன்று ஒவ்வொருவருக்கும் உண்டு. “இதிலென்ன பெரிதாக இருக்கிறது”, “இது எத்தனை நாளைக்கு”, “சிரித்தால் பிறகு அழ வேண்டிவரும்” என்று அது பல வடிவங்களில் வரும். உங்களுக்கு அது அடுத்த வேலையின் வடிவில் வருகிறது. பொறுப்புணர்வைப் போலவே தோன்றுவதால்தான் அதை அடையாளம் காண்பது கடினம்.

அடுத்த முறை மகள் படத்தைக் கொண்டுவரும்போது கையிலிருக்கும் பாத்திரத்தையோ கைப்பேசியையோ கீழே வைத்துவிட்டு, படத்தை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் துணியைப் பார்க்கும் அதே கண்ணால், குறை தேடாமல் பாருங்கள்: எந்த இடத்தில் வண்ணத்தை அழுத்தித் தீட்டியிருக்கிறாள், எந்தக் கோட்டை அழித்து மறுபடி போட்டிருக்கிறாள், எந்த மூலையைத் தொடாமல் விட்டிருக்கிறாள். பார்த்ததில் ஒன்றை அவளிடம் சொல்லுங்கள். “அழகாக இருக்கிறது” என்ற சொல் எந்தப் படத்துக்கும் பொருந்தும். “இந்த மரத்துக்கு மட்டும் இரண்டு பச்சையைச் சேர்த்திருக்கிறாயே” என்பது அவள் வரைந்த அந்தப் படத்துக்கு மட்டுமே பொருந்தும். அவள் பதில் சொல்வாள், அதைக் கேளுங்கள். நான்கைந்து முறை நிதானமாக மூச்சுவிடும் நேரம் போதும். இடையில் வீட்டுப்பாடக் கேள்வி நிச்சயமாக எழும். அதை அடக்கப் போராடாமல், “கேட்கிறேன், படத்தைப் பார்த்து முடித்த பிறகு” என்று மனத்துக்குள் சொல்லித் தள்ளிவையுங்கள். கேள்வியைக் கைவிடச் சொல்லவில்லை, வரிசையை மாற்றத்தான் சொல்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை உங்களுக்கென்றே சொல்ல வேண்டியிருக்கிறது. “இப்போது நான் மகிழ்கிறேனா, சரியாக ரசிக்கிறேனா?” என்று உங்களையே செக்கிங் செய்யத் தொடங்கிவிடாதீர்கள். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓர் இசைப் படைப்பைக் கேட்கும்போதே தங்கள் மகிழ்ச்சியைக் கண்காணித்தவர்களுக்கும், மகிழ்ச்சி அடைந்தே தீர வேண்டும் என்று முயன்றவர்களுக்கும் அந்த இன்பம் குறைந்துபோனது. கவனம் படத்தின்மேல் இருக்கட்டும், உங்கள்மேல் வேண்டாம். எதுவும் தோன்றாவிட்டாலும் அன்றைய பயிற்சி வீணாகிவிட்டது என்று பொருளல்ல.

இனி குறிப்பேட்டுக்கு வருவோம். அது சலித்ததற்குக் காரணம் உங்கள் மனமன்று, எழுதிய முறை. உடல்நலம், குடும்பம், வேலை என்பவை தலைப்புகள். அன்று நடந்த எதையும் அவை சொல்வதில்லை. மார்ட்டின் செலிக்மனின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் ஒரு வாரம், ஒவ்வோர் இரவும், அன்று நன்றாக நடந்த மூன்றை எழுதியதோடு, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுதினார்கள். மகிழ்ச்சி கூடியதும் மனச்சோர்வு குறைந்ததும் ஆறு மாதம் கழித்தும் தெரிந்தன. வாரம் முடிந்த பிறகும் தாமாகவே தொடர்ந்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. இந்த “ஏன்” என்ற கேள்வியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் குறிப்பு இப்படி இருக்கலாம்: “மாலைத் தேநீர் நேரத்தில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு பீஸைக் கொண்டுவந்து, ‘அக்கா, தோள்பட்டைத் தையல் இழுக்கிற மாதிரி இருக்கிறதே’ என்று காட்டினாள். ஏன்? பயப்படாமல் கேட்கலாம் என்று முதல் நாளே அவளிடம் சொல்லிவைத்திருந்தேன்.” ‘ஏன்’ என்று எழுதும்போது, நல்லதும் காரணத்தோடு நடக்கிறது என்பதும், அந்தக் காரணத்தில் சில நேரம் நீங்களும் இருக்கிறீர்கள் என்பதும் தெரியவரும். முதல் வாரம் தினமும் எழுதுங்கள். பிறகு வாரம் ஒருமுறை போதும். நன்றி எழுதும் பயிற்சியை வாரம் ஒருமுறை செய்தவர்கள் பயனடைந்ததாகவும், மூன்று முறை செய்தவர்களுக்கு அப்பயன் கிட்டவில்லை என்றும் சோன்யா லுபோமிர்ஸ்கியின் ஆய்வு சொல்கிறது. எழுதுவதே கடமையாகிவிட்டால் சலிப்பு திரும்பிவிடும்.

எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்கப்பட்டது வலித்தது உண்மை; இந்தப் பயிற்சியால் அதை மூடி மறைக்க முயல வேண்டாம். அதில் செய்ய வேண்டியது ஏதேனும் மீதி இருந்தால், உதாரணமாகக் கழுத்துத் தையலுக்கு இன்னொரு சுற்றுப் பரிசோதனை வைப்பதோ, மேலாளரிடம் தனியே பேசுவதோ, அதை ஒரு தாளில் எழுதி மறுநாள் பகலில் செய்யுங்கள். செய்ய எதுவும் மிஞ்சாத எண்ணம் இரவில் வந்தால், வந்துவிட்டுப் போகட்டும். பயிற்சி பலிக்கிறதா என்பதை அந்த எண்ணம் வருகிறதா என்பதைக் கொண்டு அளக்காதீர்கள். பகலில் ஏதோ ஒன்று நடக்கும்போதே “இதை இரவு எழுதலாம்” என்று தோன்றத் தொடங்கினால், கவனம் திரும்பத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் விருப்பமில்லாமல் இருந்தாலோ, விடியலுக்கு வெகு முன்பே விழித்துப் பிறகு தூக்கம் வராமல் போனாலோ, பசி குறைந்து, வாழ்வதில் பொருளில்லை என்று தோன்றினாலோ அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்கு இந்தப் பயிற்சி மட்டும் போதாது. அந்நிலையில் நல்லதை எழுத முயன்று எதுவும் கிடைக்காமல் போவதே மேலும் வருத்தும். குறிப்பேட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள். எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.