ஏஜென்டை விடுங்கள், அனுப்பியவரைப் பிடியுங்கள்

கேள்வி: தனிநபர் கடன். மாதத் தவணை 7,150 ரூபாய். வேலை போனதால் மூன்று தவணை பாக்கி. காலை ஏழு மணிக்கு முன்பே போன் வருகிறது. போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு இரண்டு பேர் வந்து, பக்கத்து வீட்டார் காதில் விழும்படி படிக்கட்டில் நின்று கத்தினார்கள். மனைவியின் ஆபீஸுக்கும் போன் போகிறது. நிறுவனத்தைக் கேட்டால் "அது வெளி ஏஜென்சி, எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள். யார்மீது வழக்குப் போடுவது? (பெயர் வேண்டாம்)

பதில்: கடன் கொடுத்த நிறுவனத்தின்மீது. ஏஜென்சியையும் இரண்டாவது எதிர்தரப்பாகச் சேர்க்கலாம், ஆனால் முதல் பெயர் நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும்.

"வெளி ஏஜென்சி" என்ற அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நல்ல பெயர் வாங்கும்போது எல்லாம் "எங்கள் குழு", வம்பு என்றால் "மூன்றாம் தரப்பு". வசூல் வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு கடன் கொடுத்தவரிடம்தான் இருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கையில் எழுதியே வைத்தது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது, ஊர் அறிய அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது என்பதும் அதே தாளில் உண்டு. அதற்கும் முன்னால், 2007இல், பிரகாஷ் கவுர் வழக்கில் வசூலுக்கு அடியாட்களை அனுப்புவதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இத்தனைக்குப் பிறகும் வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்து கொடுத்திருப்பது அந்த ஒரே வாக்கியம்தான்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். இன்றே ஒரு நோட்டை எடுங்கள். ஒவ்வொரு போனுக்கும் ஒரு வரி: தேதி, மணி, எண், பேசியவர் சொன்ன பெயர், சொன்ன வார்த்தை. "மோசமாகத் திட்டினார்" என்று எழுதினால் பயனில்லை, திட்டியதை அப்படியே எழுதுங்கள். போனில் பதிவான அழைப்புப் பட்டியலைப் படம் பிடித்து வையுங்கள். பேச்சைப் பதிவு செய்திருந்தால் அந்தக் கைபேசியை விற்காதீர்கள், பழுது பார்க்கக் கொடுத்து அழித்துவிடாதீர்கள். அதைக் கோர்ட்டில் காட்ட, சாட்சிய சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். வீட்டுக்கு வருபவரிடம் அடையாள அட்டையையும் நிறுவனம் கொடுத்த அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள். இரண்டும் அவர் கையில் இருந்தாக வேண்டும். காட்ட மறுத்தால் அந்த மறுப்பையும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம். மின்னஞ்சலில் ஒன்று, ஸ்பீடு போஸ்டில் ஒன்று. கடன் பாக்கி இருப்பதை மறைக்காதீர்கள். "மூன்று தவணை நின்றிருக்கிறது, வேலை போனது காரணம், மாதம் இவ்வளவு கட்ட முடியும்" என்று எழுதுங்கள். பிறகு நான்கு கேள்வி: ஏஜென்சியின் பெயர் என்ன, எந்தத் தேதியில் அதனிடம் என் கணக்கை ஒப்படைத்தீர்கள், அங்கீகாரக் கடிதத்தின் நகல் எங்கே, என் கணக்கு விவரம் எங்கே. நோட்டில் எழுதியவற்றைக் கடிதத்துடன் இணையுங்கள். கடன் வாங்கியவர் கொடுத்த புகாரைத் தீர்க்கும் வரை கணக்கை வசூல் ஏஜென்சியிடம் அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008இலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. வீம்புக்குத் தொடர்ந்து புகார் கொடுப்பவருக்கு மட்டும் விதிவிலக்கு. ஆகவே புகாரில் இட்டுக்கட்டிய வரி ஒன்றுகூட வேண்டாம்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது மழுப்பலாக வந்தால், ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். `cms.rbi.org.in` தளத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. வக்கீல் மூலமாகக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள், நீங்களோ, வக்கீல் அல்லாத உங்கள் பிரதிநிதியோ கொடுக்க வேண்டும். இதே விஷயம் கோர்ட்டிலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தாலும் ஏற்க மாட்டார்கள். பலர் எல்லா இடத்திலும் ஒரே நாளில் மனுப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று எனக்கு எழுதுகிறார்கள். முதலில் ஆம்புட்ஸ்மேன், அங்கே திருப்தி இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்ற வரிசை உங்களுக்கு உதவும். ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று சொல்லி மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்கலாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும். கடன் தொழிலுக்காக வாங்கியதென்றால் "நீங்கள் நுகர்வோரே அல்ல" என்று எதிர்தரப்பு வாதாடும். உங்களுடையது குடும்பச் செலவுக்கு வாங்கிய கடன் என்றால் அந்தக் கவலை இல்லை.

ஆனால் தினமும் வாசலில் ஆள் நிற்கும்போது முப்பது நாள் யார் பொறுப்பது? அதற்குத்தான் சிவில் கோர்ட். நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு வழக்கு, அதோடு இடைக்காலத் தடை கேட்டு ஒரு மனு. கேட்க வேண்டிய பரிகாரம் இந்த அளவுதான்: "சட்டப்படியான வழியில் அன்றி என்னிடமோ என் குடும்பத்தாரிடமோ நேரிலோ போனிலோ கடனை வசூலிக்கக் கூடாது." நிறுவனம் உங்கள்மீது வழக்குப் போடுவதையே தடுக்கச் சொல்லிக் கேட்டால் கிடைக்காது. குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 41ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். மனுவில் பாக்கியை மறைத்தால் நிறுவனத்தின் வக்கீல் கணக்கு விவரத்தை நீட்டிய உடனே தடை காலியாகும். தடை கிடைத்த பிறகும் ஆள் வந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் உத்தரவு 39, விதி 2ஏ இருக்கிறது. மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யவும், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

படிக்கட்டில் கத்தியபோது "ஏமாற்றுக்காரன்" போன்ற வார்த்தை விழுந்ததா? அதற்கு அவதூறு நஷ்டஈடு தனியாகக் கேட்பதானால் ஓராண்டுதான் கெடு. கேட்ட அண்டை வீட்டார் சாட்சி சொல்ல வருவாரா என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். அன்றைக்கு ஆறுதல் சொன்னவர் எல்லாம் கோர்ட் என்றதும் வெளியூர் போய்விடுவார்.

கேள்வி: இழப்பீடு ஜெயித்தால் கடன் தள்ளுபடி ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. அவர்கள் உங்களுக்குக் கொடுக்க வேண்டியது ஒரு கணக்கு, நீங்கள் கொடுக்க வேண்டியது வேறு கணக்கு.

கேள்வி: வீட்டுக்கு வந்த ஏஜென்டிடம் 12,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது இல்லை. இப்போது கட்டவே இல்லை என்கிறார்கள்.

பதில்: ரசீது இல்லாமல் பன்னிரண்டாயிரமா? பத்து ரூபாய்க் கீரைக்கு அத்தனை பேரம் பேசுகிறோமே!

திட்டுவதற்கு எனக்கும் யோக்கியதை குறைவு. சில வருடம் முன்பு தவணையில் ஓர் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கினேன். இரண்டாம் மாதமே அது துணி உலர்த்தும் கொடியாகிவிட்டது. கோபத்தில் தவணையை நிறுத்தினேன், ஏஜென்ட் வந்தார், நல்ல மனிதராகத் தெரிந்தார். 3,200 ரூபாய் கொடுத்தேன். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் "பெற்றேன்" என்று எழுதி ஒரு கிறுக்கல் போட்டுக் கொடுத்தார். நான்கு மாதம் கழித்து அந்தத் தொகை வரவே இல்லை என்றார்கள். மறுபடியும் கட்டினேன். அந்த கார்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

உங்களுக்கு வழி இருக்கிறது. அவர் நிறுவனம் அனுப்பிய ஆள்தான் என்று காட்ட முடிந்தால், அவரிடம் கொடுத்தது நிறுவனத்திடம் கொடுத்ததாக வாதாடலாம். அங்கீகாரக் கடிதத்தின் படம், "நாளை வருகிறேன், பணம் ரெடியா" என்ற வாட்ஸ்அப் செய்தி, அன்று ஏடிஎம்மில் எடுத்த பதிவு என எது இருந்தாலும் திரட்டுங்கள். அந்த ஏஜென்டுக்கே "அன்று கொடுத்த 12,000 வரவு வைத்தாயிற்றா?" என்று ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். "வைத்துவிடுகிறோம் சார்" என்று பதில் வந்தால் அதுதான் உங்கள் ரசீது. அதோடு குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். இனிமேல் ஒரு ரூபாயானாலும் கடன் கணக்கு எண்ணுக்கு நேரடியாகக் கட்டுங்கள்.

கேள்வி: "வாரண்ட் ரெடி, நாளை கைது" என்று வாட்ஸ்அப்பில் முத்திரை போட்ட தாள் வந்திருக்கிறது. தூக்கமே இல்லை.

பதில்: தூங்குங்கள் அம்மா. தவணை கட்டாமல் போனதற்காக மட்டும் அது குற்றமாகிவிடாது, ஏஜென்ட் வாரண்ட் அனுப்பவும் முடியாது. அந்தத் தாளை அழிக்காதீர்கள், பொய்யான மிரட்டலுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: நீங்கள் கொடுத்த காசோலையோ, தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதலோ பணமில்லாமல் திரும்பியிருந்தால் அது வேறு விவகாரம், அதில் குற்ற வழக்கு உண்டு. அதற்கு முறையான நோட்டீஸ் வரும். வந்த 15 நாளுக்குள் அந்தத் தொகையைக் கட்டிவிட்டால் வழக்குப் போட முடியாது. ஆகவே தபாலில் வரும் நோட்டீஸைப் பிரிக்காமல் பரணில் போடாதீர்கள்.

கேள்வி: நண்பன் கடனுக்கு என் எண்ணை ரெஃபரன்ஸாகக் கொடுத்தான். தினமும் பத்து போன். நான் கட்ட வேண்டுமா?

பதில்: கையெழுத்துப் போட்டீர்களா? இல்லையென்றால் ஒரு பைசா தர வேண்டாம், தொந்தரவு செய்வதற்காக நீங்களே தனியாகப் புகார் கொடுக்கலாம். ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் நண்பன் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் உங்களுக்கும் உண்டு, முதலில் அவனைக் கேள் என்று சொல்லக்கூட முடியாது. எதில் கையெழுத்துப் போட்டோம் என்றே நினைவில்லை என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: பணம் கட்டாவிட்டால் டிவி, ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போவோம் என்கிறார்கள். பிணையில்லாத கடன்தான்.

பதில்: வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, நிறைவேற்று மனுப் போட்டு, கோர்ட் அமீனா உத்தரவோடு வந்தால் எடுக்கலாம். அப்போதும் உடுத்தும் துணியையும் சமையல் பாத்திரத்தையும் தொட முடியாது. ஏஜென்ட் வந்து கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

கேள்வி: போனுக்கு ஒரு ஆப்பில் கடன், அதை அடைக்க இன்னொரு ஆப், இப்படி ஐந்து. எந்த நிறுவனம் என்றே தெரியவில்லை. யார்மீது புகார் கொடுப்பது?

பதில்: ஐந்தாவது ஆப்பை இறக்கும்போதாவது கேட்டிருக்கலாம். ஆப் என்பது முகமூடி, பின்னால் பணம் கொடுத்தது ரிசர்வ் வங்கியில் பதிவான ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ என்றால் அதன் பெயர் கடன் ஒப்பந்தத்தில் இருக்கும். மின்னஞ்சலில் தேடுங்கள், அந்தப் பெயர்மீது புகார். அப்படி ஒரு பெயரே இல்லையென்றால் ஆம்புட்ஸ்மேன் உதவ முடியாது, நேரே சைபர் குற்றப் பிரிவுக்குப் போங்கள். ஆறாவது ஆப்பில் வாங்கி இதை அடைக்கலாமா என்று அடுத்த வாரம் கேட்டால் பதில் எழுத மாட்டேன்.