ஆகஸ்டு விலையை நம்பி மஞ்சளை வைத்திருக்கலாமா?

கேள்வி: ஐயா, கொடுமுடிப் பக்கம் விளைந்த 30 குவிண்டால் விரலி மஞ்சள் வேகவைத்து, மெருகேற்றி வீட்டில் இருக்கிறது. இந்த மார்ச்சில் ஈரோட்டில் குவிண்டாலுக்கு 13,000 கேட்கிறார்கள். முன்பேர வர்த்தகத்தில் ஆகஸ்டுக்கு 14,000 என்று அலைபேசியில் காட்டுகிறது. ஐந்து மாதம் வைத்திருந்தால் ஆயிரம் கூடுமல்லவா?

பதில்: அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி, சரக்கை ஐந்து மாதம் வைத்திருப்பதற்கான செலவே ஆகும். நகைக்கடன் வாங்கித்தான் காத்திருக்க வேண்டும் என்றால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 13,000 ரூபாய்க்கு ஐந்து மாதத்தில் 650 ரூபாய் ஆகும். கிடங்கு வாடகை மாதம் 15 ரூபாய் என்று கொண்டால் 75 ரூபாய்; காய்ந்து எடை குறைவதை 2 சதவீதம் என வைத்தால் 260 ரூபாய். மொத்தம் 985. உங்களுக்கு மிஞ்சுவது 15 ரூபாய்.

ஈரோட்டில் கேட்கும் 13,000 என்பது உங்கள் மூட்டைக்கான உடனடி விலை. மாதிரித் தட்டிலிருந்து ஒரு விரலியை எடுத்து உடைத்து, 'டக்' என்ற ஓசையையும் உள்நிறத்தையும் பார்த்த வியாபாரி மறைமுக ஏலத்தில் எழுதும் விலை அது. திரையில் தெரியும் 14,000 ரூபாயோ, தெலங்கானாவின் நிஜாமாபாத்தை அடிப்படை மையமாகக் கொண்டு, குறிப்பிட்ட தரத்தில், குறிப்பிட்ட மாதத்தில் ஒப்படைக்க வேண்டிய சரக்குக்கு இன்று பேசப்படும் விலை. தவணை முடியும் நாள் நெருங்க நெருங்க அது உடனடி விலையோடு சேர்ந்துவிடும். ஆனால் சேர்வது நிஜாமாபாத் விலையோடு. ஈரோட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி அப்படியே நிற்கும் என்று சொல்ல முடியாது. முன்பேரத்தில் விற்று விலையை இப்போதே உறுதிசெய்துகொள்ளலாமே என்றால், ஒரு ஒப்பந்தம் 5 டன், அதாவது 50 குவிண்டால்; உங்களிடம் அவ்வளவு சரக்கு இல்லை. தவிர, விலை ஏறும் ஒவ்வொரு நாளும் நட்டத்துக்கு ஈடாகப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

திரையை வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள். தூர மாத விலை, வைப்புச் செலவின் அளவுக்கு மேலே நின்றால், கிடங்குகளில் பழைய சரக்கு தாராளமாக இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கிட்ட மாதம் தூர மாதத்தைவிட ஏறி நின்றால் கைச்சரக்கு தட்டுப்பாடு. அப்போது காத்திருப்பதற்குக் கூலி இல்லை, இருப்பதை விற்பதே நல்லது.

இந்தக் கணக்கை மாற்றக்கூடியது மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி, சாங்கிலிப் பகுதிகளிலும் தெலங்கானாவிலும் பெய்யும் மழை. அங்கே ஜூன், ஜூலையில் நடவுப் பரப்பு குறைந்தாலோ, பின்னர் வயலில் நீர் தேங்கிக் கிழங்கு அழுகினாலோ, அடுத்த வரத்து குறையும் என்ற எண்ணத்தில் இங்குள்ள பழைய சரக்கும் விலையேறும். மழை சீராக இருந்தால் எதிர்மாறு. 2010இல் ஈரோட்டில் குவிண்டால் 16,000 ரூபாயைத் தாண்டியபோது எல்லோரும் மஞ்சள் நட்டார்கள். 2012இல் அது 4,000 ரூபாய் அளவுக்கு இறங்கியதை உங்கள் ஊரில் மறந்திருக்க மாட்டார்கள்.

என் கருத்து: வட்டிக்குப் பணம் வாங்க வேண்டியிராத அளவுக்கு, 20 குவிண்டாலை இப்போது ஏலத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். வட்டி இல்லாமல் வைக்கக்கூடிய 10 குவிண்டாலை, ஈரம் ஏறாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்கி வைத்து, வடக்கே நடவுப் பரப்பு தெரியும் ஜூலைக் கடைசிவரை பாருங்கள்.