“பொறுப்பா இருப்பா” என்றால் அவர் எதை மாற்றுவார்?

கேள்வி: எங்கள் கணக்குப் பிரிவில் பில் போடும் தம்பி அடிக்கடி தப்பு விடுகிறார். “கொஞ்சம் பொறுப்பா இருப்பா” என்று மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. “சரிங்க மேடம்” என்கிறார், மறுபடியும் அதே கதைதான். கோபப்படாமல் புரிய வைப்பது எப்படி?
– வாசகி, ஈரோடு

பதில்: “பொறுப்பா இரு” என்பது அவருடைய குணத்துக்கு நீங்கள் போட்ட மார்க். நாளைக் காலை சீட்டில் உட்கார்ந்ததும் எதை வேறு மாதிரி செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. அதனால்தான் “சரிங்க மேடம்” மட்டும் வருகிறது.

அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் உருவாக்கிய எஸ்பிஐ முறை (வங்கி இல்லை!) இதற்குக் கை கொடுக்கும். எஸ்பிஐ என்றால் சிச்சுவேஷன், பிஹேவியர், இம்பாக்ட். எப்போது, எங்கே நடந்தது என்ற சூழல். அவர் செய்த செயல். அதனால் வந்த விளைவு. மூன்றையும் இந்த வரிசையில் சொல்ல வேண்டும். உங்கள் விஷயத்தில் இப்படி வரலாம்:

“தம்பி, போன மாசம் 22-ஆம் தேதி கோயம்புத்தூர் பார்ட்டிக்கு ஒரு பில் போட்டீங்கல்ல? பழைய பில்லை காப்பி எடுத்துப் போட்டிருக்கீங்க, அதுல இருந்த வேற பார்ட்டியோட ஜிஎஸ்டி நம்பரை மாத்தலை. அதனால பில் அவங்களோட ஜிஎஸ்டி 2B அறிக்கையில வரலை. வரியை எடுக்க முடியலைன்னு 86,000 ரூபாயை நிறுத்தி வச்சிருக்காங்க. இனி நான் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1-ல திருத்தம் போடணும்.”

பெரும்பாலும் சறுக்குவது செயலைச் சொல்லும் இடத்தில்தான். “அலட்சியமா போட்டீங்க” என்று வாயில் வந்துவிடும். மேலே ஒரு கேமரா இருந்தால் அதில் பதிவாகியிருக்குமா என்று பாருங்கள். நம்பரை மாற்றாதது பதிவாகும். அலட்சியம் ஆகாது, அது உங்கள் ஊகம். அதைச் சொன்னதும் அவர் பில்லை விட்டுவிட்டுத் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். “எப்பவுமே இப்படித்தான்” என்பதும் வேண்டாம். தப்பில்லாமல் போட்ட ஒரு பில்லைக் காட்டி உங்கள் வாயை அடைத்துவிடுவார். ஒரு நேரத்தில் ஒரே சம்பவம் போதும்.

விளைவையும் பெரிதாக்க வேண்டாம். “கம்பெனி பேரே போச்சு” என்றால் நம்ப மாட்டார். 86,000 நிற்கிறது என்றால் நம்புவார்.

சொல்லி முடித்ததும் நிறுத்திவிட்டு, “என்ன நடந்துச்சு?” என்று மட்டும் கேளுங்கள். சமாதானம் சொல்ல அவசரப்படாதீர்கள், சில விநாடி அமைதி பரவாயில்லை. மென்பொருளில் அந்தப் பார்ட்டியின் விவரமே ஏற்றப்படவில்லை, அதனால்தான் காப்பி எடுத்தேன் என்று அவர் சொல்லக்கூடும். அப்படியானால் பாதி வேலை உங்களுடையது.

எஸ்பிஐ இந்த இடம் வரைதான் கொண்டுவந்து விடும். தீர்வு அதில் கிடையாது. “பழைய பில்லை காப்பி எடுக்காம, பார்ட்டி பெயரைத் தேர்ந்தெடுத்துத்தான் பில் போடணும், புதுப் பார்ட்டின்னா முதல்ல என்கிட்ட சொல்லுங்க” என்பது போல ஒரே ஒரு மாற்றத்தை இருவருமாக முடிவு செய்யுங்கள். தப்பு தெரிந்த அன்றோ மறுநாளோ, தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பார்ட்டி போனில் கத்திய சூட்டோடு மட்டும் வேண்டாம்.