விண்ணப்பக் கட்டுரையில் எந்த எண் நிற்கும்?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பொது சுகாதார முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க இரண்டு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன். எண்கள் இருந்தால்தான் மதிப்பு என்று தோழி சொன்னதால், 46 முகாம்கள், 3,800 பேருக்குப் பரிசோதனை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு 35 சதவீதத்திலிருந்து 65 சதவீதமாக உயர்ந்தது என்று பத்தொன்பது எண்கள் சேர்ந்துவிட்டன. படித்தால் மாத அறிக்கை போல இருக்கிறது. எதை வைப்பது, எதை எடுப்பது? கட்டுரையையும் பதிவேட்டு விவரத்தையும் இணைத்துள்ளேன், அம்மா.

பதில்: நான்கு எண்கள் போதும். அந்த நான்கும் ஒரே பத்தியில், ஒரே வேலையைப் பற்றியவையாக இருக்க வேண்டும். மற்ற பதினைந்தில் பெரும்பாலானவை தாமாகவே உதிர்ந்துவிடும். அவற்றை முதலில் முடித்துவிடுவோம்.

46 முகாம்களும் 3,800 பரிசோதனைகளும் உங்கள் உழைப்பைச் சொல்கின்றன. அந்த முகாம்களால் யாருக்கு என்ன மாறியது என்பதைச் சொல்லவில்லை. அவற்றைப் பயோடேட்டாவில் ஒரு வரியாக வையுங்கள். அங்கே அவற்றுக்கு இடம் உண்டு. நாட்டில் எத்தனை சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது என்று தொடங்கும் முதல் வாக்கியத்தையும் எடுத்துவிடுங்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அந்த எண்ணை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்கள். அவர்களுக்குத் தெரியாதது உங்கள் ஊரும் உங்கள் பதிவேடும்தான்.

இப்போது 35 சதவீதம் 65 ஆன கதைக்கு வருகிறேன். கட்டுரையிலேயே இதைத்தான் மிக அழுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். மிகவும் ஆட்டம் காணும் இடமும் இதுதான்.

உங்கள் பதிவேட்டின்படி, தொடக்கத்தில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் 212 பேர். அவர்களில் 74 பேருக்கு ரத்த அழுத்தம் 140/90க்குக் கீழே இருந்தது. இது 35 சதவீதம், சரி. ஆறு மாதம் கழித்து 81 பேருக்குக் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆனால் இந்த 81ஐ நீங்கள் 124ஆல் வகுத்திருக்கிறீர்கள், ஏனென்றால் ஆறாவது மாதம் நேரில் வந்தவர்கள் 124 பேர். அப்படித்தான் 65 சதவீதம் வந்தது. அதே 81ஐ 212ஆல் வகுத்தால் 38 சதவீதம். முப்பது புள்ளி ஏற்றம் மூன்று புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது.

இதில் உங்கள் நேர்மையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஆனால் தொற்றா நோய்த் திட்டங்களின் கணக்கு முறை தெரிந்தவர் இதைப் படித்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, வகுக்கும் எண் ஏன் மாறியது என்பதுதான். இதய நோய்த் தடுப்புக்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஹார்ட்ஸ் வழிகாட்டியில், சிகிச்சைக்குப் பதிவான எல்லோரும் வகுக்கும் எண்ணாகக் கீழே இருப்பார்கள். ஆறு மாத வருகையில் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் மட்டும் மேலே வருவார்கள். வராதவர்களைக் கணக்கிலிருந்து கழிக்க முடியாது. காரணம் எளிது. ஒழுங்காக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒழுங்காக மாத்திரை போடுகிறவர்கள். அவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், சிகிச்சையில் எதுவும் மாறாமலேயே சதவீதம் ஏறும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வராத 88 பேருக்கும் அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லை என்று சொல்லவும் உங்களால் முடியாது. சிலர் தனியார் மருத்துவரிடம் போயிருக்கலாம். சிலர் மகன் வீட்டுக்குத் திருப்பூரோ மும்பையோ போயிருக்கலாம். எனவே 'பதிவான 212 பேரில், கட்டுப்பாட்டில் இருப்பதாக உறுதியாகத் தெரிந்தவர்கள் 81 பேர்' என்பதே நிற்கும் வாக்கியம். 'உறுதியாகத் தெரிந்தவர்கள்' என்று சேர்க்கும்போதே, தெரியாதவர்களும் இருக்கிறார்கள் என்பது உங்கள் நினைவில் இருப்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

பெரிய எண் போய்விட்டதே என்று வருந்த வேண்டாம். உங்கள் கட்டுரையின் உண்மையான எண் 88. அதை மூன்றாம் பக்க இணைப்பில் ஒரு கட்டத்துக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்!

அந்த 88 பேரில் 63 பேரை நீங்களும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களும் வீட்டில் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். 37 பேர் ஒரே காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கி வருவது காலை நேரத்தில். உங்கள் நிலையத்தில் ரத்த அழுத்தப் பிரிவு நடப்பதும் அதே காலை நேரம். வரிசையில் நின்று மாத்திரை வாங்கினால் அன்றைய பீடியைக் கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால் அன்றைய கூலி போகும். மடியில் சுளகை வைத்துக்கொண்டே ஒருவர் உங்களிடம் இதைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி கட்டுரையில் கட்டாயம் இருக்க வேண்டும். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், வயதும் வேண்டாம்.

இதை மருத்துவ அலுவலரிடம் சொல்லி, வாரத்தில் ஒரு நாள் மாலையிலும் பிரிவை நடத்தியிருக்கிறீர்கள். அடுத்த மூன்று மாதத்தில் 88 பேரில் 41 பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். இதுதான் உங்கள் முடிவு எண். இதை '46.6 சதவீதம்' என்று எழுதாதீர்கள். நூறுக்கும் குறைவான ஆட்களிடத்தில் தசமப் புள்ளி போட்டால், உண்மையில் இல்லாத துல்லியம் இருப்பதுபோல் தெரியும். '88 பேரில் 41 பேர்' என்றால் படிப்பவர் மனதில் ஆட்கள் தெரிவார்கள்; கணக்கையும் அவரே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் மாலை நேரப் பிரிவால்தான் 41 பேர் வந்தார்கள் என்று எழுதிவிட வேண்டாம். அதே வாரங்களில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் அழைத்திருக்கிறார்கள். இரண்டு மாற்றமும் ஒன்றாக நடந்தன. எது எவ்வளவு வேலை செய்தது என்பதை இந்தப் பதிவேட்டிலிருந்து பிரிக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க மாலைப் பிரிவு இல்லாத வேறொரு நிலையத்தின் கணக்கும் உங்களிடம் இல்லை. வந்த 41 பேருக்கு ரத்த அழுத்தம் குறைந்ததா என்று சொல்லவும் இன்னும் போதிய காலம் ஆகவில்லை. எனவே 'திரும்பி வந்தார்கள்' என்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிரிக்க முடியாத அந்த இடம்தான் நீங்கள் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கான காரணமும். 'தொற்றுநோயியலிலும் புள்ளியியலிலும் ஆர்வம் உண்டு' என்று கடைசிப் பத்தியில் தனியாக எழுதியிருப்பதை எடுத்துவிட்டு, இங்கேயே அதைச் சொல்லிவிடலாம்.

'நான்' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். கட்டுரை முழுவதும் 'நான் உயர்த்தினேன்', 'நான் மாற்றினேன்' என்று இருக்கிறது. மாலைப் பிரிவுக்கு அனுமதி கொடுத்தது மருத்துவ அலுவலர். வீடு தேடிப் போனதில் தன்னார்வலர்களுக்குப் பாதிப் பங்கு. வராதவர்களின் பட்டியலைத் தனியாக எடுத்ததும், காரணம் கேட்டுக் குறித்ததும், நேரம் மோதுகிறது என்று கண்டுபிடித்ததும் நீங்கள். அந்த மூன்றுக்கும் தயங்காமல் 'நான்' போடுங்கள். மற்றவற்றுக்கு 'நாங்கள்' போதும்.

பத்தி எப்படி இருக்கலாம் என்று எழுதிக் காட்டுகிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போதும் வரிசை இதுவே:

> எங்கள் நிலையத்தில் உயர் ரத்த அழுத்தத்துக்குப் பதிவான 212 பேரில், ஆறு மாதத்துக்குப் பின் கட்டுப்பாட்டில் இருப்பதாக உறுதியாகத் தெரிந்தவர்கள் 81 பேர். 88 பேர் வரவே இல்லை. அவர்களின் பட்டியலை நான் தனியே எடுத்தேன். தன்னார்வலர்களுடன் வீடுகளுக்குச் சென்றேன். பார்க்க முடிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பீடி சுற்றும் பெண்கள். நாங்கள் பிரிவு நடத்தும் அதே நேரத்தில்தான் அவர்கள் சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்க வேண்டும். மருத்துவ அலுவலரின் அனுமதியுடன் வாரம் ஒரு மாலை பிரிவை நடத்தினோம். தன்னார்வலர்கள் வீட்டுக்கே சென்று அழைத்தார்கள். மூன்று மாதத்தில் 88 பேரில் 41 பேர் திரும்பி வந்தார்கள். நேர மாற்றமா, வீட்டு அழைப்பா, எது அவர்களைக் கொண்டுவந்தது என்பதை என் பதிவேட்டால் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஆய்வை வடிவமைக்கக் கற்றுக்கொள்ளவே இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன்.

212, 81, 88, 41. அவ்வளவுதான். 63ஐயும் 37ஐயும் 'பாதிக்கும் மேற்பட்டோர்' என்ற சொற்களுக்குள் வைத்துவிட்டேன். அடுக்கடுக்காக எண் வந்தால் படிப்பவர் எதையும் நினைவில் வைக்க மாட்டார். நேர்முகத் தேர்வில் கேட்டால் அந்த இரண்டையும் சொல்லுங்கள். அப்போது கைவசம் விவரம் இருப்பது தெரியும். கட்டுரையின் மற்ற பத்திகளில், அதாவது நர்சிங் படித்தது, எந்தப் பாடத்தில் ஈடுபாடு, படித்துவிட்டு என்ன செய்வது ஆகியவற்றில், ஆண்டைத் தவிர எண் எதுவும் வேண்டாம்.

35 சதவீதம் என்ற பழைய எண்ணை வைக்கலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். வைத்தால் 38ஐயும் வைக்க வேண்டும். அந்த மூன்று புள்ளி வேறுபாடு உங்கள் அளவு ஆட்களிடத்தில் தற்செயலாகவே வரக்கூடியது. ஒருநாள் அளவில் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு அடுத்த முறை எடுக்கும்போது எதுவும் செய்யாமலேயே சற்றுக் குறைவாக வருவதும் வழக்கம். எனவே அதை விட்டுவிடுவதில் எந்த இழப்பும் இல்லை.

கடைசியாகச் செய்ய வேண்டியது ஒன்று. அரைத் தாளில் நான்கு எண்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பதிவேடு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, யாரைச் சேர்த்தீர்கள், யாரை விட்டீர்கள் என்று குறியுங்கள். அதை உங்கள் மருத்துவ அலுவலரிடம் காட்டுங்கள். நிலையத்தின் விவரத்தைப் பயன்படுத்த அவருடைய சம்மதம் வேண்டும் என்பது ஒரு காரணம். பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவரும் அவர் என்பது இன்னொரு காரணம். உங்கள் கட்டுரையில் 41 என்றும், அவர் நினைவிலிருந்து எழுதும் கடிதத்தில் 'கட்டுப்பாடு இரட்டிப்பானது' என்றும் இருந்தால், குழு இரண்டையும் நம்பாது. அவர் கடிதத்தை அனுப்புவதற்கு முன்பே அந்தத் தாள் அவர் மேசையில் இருக்கட்டும்.