கீரையே கூடாது என்று சீட்டில் எங்கே எழுதியிருக்கிறது?

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். அம்மாவுக்கு மைட்ரல் வால்வு மாற்றி, உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அசெனோகௌமரால் சாப்பிடுகிறார். மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த ஆங்கிலச் சீட்டைக் காட்டி, மெடிக்கல்காரர் கீரையே தொடக்கூடாது என்றார். ஒரு மாதமாக நிறுத்திவிட்டோம். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2.9இலிருந்து 4.3க்குப் போய், ஈறில் ரத்தம் வந்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார். பக்கத்து வீட்டு மாமா ரத்தம் மெலியும் மருந்து சாப்பிட்டுக்கொண்டே முருங்கைக்கீரையும் சாப்பிடுகிறார். யார் சொல்வது சரி?

பதில்: மெடிக்கல்காரர் சீட்டைப் பாதிதான் படித்திருக்கிறார். அந்த இடத்தில் பொதுவாக இருப்பது இதுதான்: வைட்டமின் கே உள்ள உணவை ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், திடீரென்று நிறையக் கீரை சாப்பிடுவது போன்ற பெரிய மாற்றங்களைத் தவிர்க்கவும். ‘தவிர்க்கவும்’ என்பது மாற்றத்துக்குச் சொன்னது. அவர் அதைக் கீரையின் தலையில் கட்டிவிட்டார்.

ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே வைத்துத்தான் தயாரிக்கிறது. அசெனோகௌமராலும் வார்ஃபரினும் அந்த வைட்டமின் திரும்பத் திரும்பப் பயன்படுவதைத் தடுக்கின்றன. அதனால் கீரை ஒரு பக்கமும் மாத்திரை இன்னொரு பக்கமும் இழுக்கும். டாக்டர் அளவு குறித்தபோது அம்மா வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கீரையையும் சேர்த்துத்தான் 2.9 வந்திருக்கும். உலோக மைட்ரல் வால்வுக்கு வழக்கமாகப் பார்க்கிற அளவு 2.5 முதல் 3.5 வரை. கீரையை நிறுத்தியதும் எதிர்ப்பக்கம் தளர்ந்து, அதே மாத்திரை கூடுதலாக வேலை செய்திருக்கிறது. ஈறில் வந்த ரத்தத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். வேறு மருந்து ஏதாவது புதிதாகச் சேர்ந்ததா என்றும் பாருங்கள்.

இங்கேதான் அடுத்த தப்பு நடக்கும். என் பதிலைப் படித்துவிட்டு நாளைக்கே சீரைத்தோரன் வைத்துவிடாதீர்கள். இப்போதுள்ள குறைந்த மாத்திரை, கீரை இல்லாத சாப்பாட்டுக்குப் போட்ட கணக்கு. கீரை திரும்பினால் ஐ.என்.ஆர். கீழே இறங்கும், வால்வில் ரத்தக்கட்டி பிடிக்கும் ஆபத்து வரும். முதலில் டாக்டரிடம், ‘ஒரு மாதம் கீரையை நிறுத்தியிருந்தோம், மறுபடி வாரம் இரண்டு நாள், ஒரு கரண்டி அளவு கொடுக்க நினைக்கிறோம்’ என்று இதே மாதிரி அளவோடு சொல்லுங்கள். எப்போது தொடங்கலாம், எத்தனை நாள் கழித்து ரத்தம் பார்க்க வேண்டும் என்பதை அவர் சொல்வார். அப்புறம் அந்த அளவிலேயே நில்லுங்கள். தாளிப்பில் போடும் நாலு கறிவேப்பிலையைப் பற்றிக் கவலை வேண்டாம். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, பாலக், கைநிறைய அரைக்கும் கொத்தமல்லித் துவையல் இவற்றைத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

உங்கள் பக்கம் கர்க்கடக மாதத்தில் பத்து வகை இலை பறித்துத் தோரன் வைப்பார்களே, அதுதான் எனக்குப் பயம். வருஷம் முழுக்க அளவாக இருந்துவிட்டு, ஆடியில் தினமும் இலை என்றால் சீட்டு எச்சரிக்கிற அதே திடீர் மாற்றம்.

பக்கத்து வீட்டு மாமா சாப்பிடுவது அநேகமாக வேறு மருந்து. ‘ரத்தம் மெலியும் மாத்திரை’ என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் தட்டணுக்களில் வேலை செய்பவை. அபிக்ஸாபான், ரிவராக்ஸபான், டாபிகட்ரான் வேறு வழியில் போகிறவை. இவை எதற்கும் இந்தக் கீரைக் கணக்கு கிடையாது. ஆனால் ரிவராக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரையை மட்டும் சாப்பாட்டோடு போட வேண்டும். கம்பெனிப் பெயரைப் பார்க்காமல், பட்டையில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். கடையில் நறுக்கிக் கொடுத்தால் பெயரும் மி.கி. அளவும் தெரிகிற துண்டாகக் கேட்டு வாங்குங்கள். உலோக வால்வு இருப்பதால் அம்மாவை மாமாவின் மருந்துக்கு மாற்றலாமா என்று யோசிக்க வேண்டாம், அந்தப் புது மாத்திரைகள் உலோக வால்வுக்கு ஆகாது.

சீட்டில் கீரைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டியலும் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனக், வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எல்லாம் அதில் வரும். முதலாவது வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும், இரண்டாவது ஐ.என்.ஆரை ஏற்றும். கீரைக்குத் தடை போட்ட அதே மெடிக்கல்காரர், கால்வலி என்று போய் நின்றால் டாக்டர் சீட்டில்லாமலே டைக்ளோஃபெனக்கை எடுத்து நீட்டக்கூடும். அப்போது அம்மாவின் மாத்திரைப் பட்டையை மேசைமேல் வையுங்கள். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ தலையில் அடிபட்டாலோ, கடைக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.