ஃபைவர்ல இருந்து எப்ப இறங்கறது?

அக்கா வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்து எழுதறேன். மூணு வருசமா ஃபைவர்ங்கற ஆன்லைன் வேலைத் தளத்துல டிசைன் வேலை செய்றேன், லேபல், கல்யாண கார்டு, லோகோ எல்லாம். ஒரு வேலை 25 டாலர், மாசம் 40 ஆர்டர் வருது, 1000 டாலர்ல 20 சதவீதம் அவங்களே பிடிச்சிக்கறாங்க. ஆஸ்திரேலியா கஸ்டமர் ஒருத்தர் உன் நம்பர் குடு நேரா பேசிக்கலாம்னு கேக்கறார். அண்ணன் அக்கவுண்டையே மூடிட்டு வெளிய வான்னு சொல்றார், அம்மா வேணாம்னு பயப்படறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நான் என்ன செய்யலாம் க்கா?
– க., பேராக்

தங்கச்சி வணக்கம்.

முதல்ல அந்த ஆஸ்திரேலியாக்காரர். நம்பர் குடுக்காதமா. ஃபைவர் வழியா வந்த ஆள் ஃபைவர் வழியாத்தான் காசு குடுக்கணும்ங்கறது நீ அக்கவுண்ட் திறக்கறப்ப ஒத்துக்கிட்ட விதி, மெசேஜ்ல போன் நம்பர் போட்டாலே எச்சரிக்கை வரும், திரும்பத் திரும்ப செஞ்சா அக்கவுண்டே போயிடலாம். அப்வொர்க்னு இதே மாதிரி இன்னொரு தளம், அதுல ஆள் கிடைச்ச நாள்ல இருந்து 24 மாசம் வெளிய போக முடியாது, அதுக்கு முன்னாடி போகணும்னா கஸ்டமர் ஒரு கட்டணம் கட்டி உன்ன விடுவிச்சுக்கலாம்னு ஒரு வாசல் வச்சிருக்காங்க. எங்கயா இருந்தாலும் விதிப் பக்கத்த ஒரு தடவ உக்காந்து படி.

நான் படிக்கல. எட்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு மார்க்கெட்பிளேஸ்ல ஒருத்தருக்கு ஈமெயில அட், டாட்னு எழுத்துல பிரிச்சு அனுப்பினேன், பெரிய கெட்டிக்காரின்னு நினைப்பு. மறுநாள் காலையில பசியாற உக்காந்தா அக்கவுண்ட் மூடியாச்சு, உள்ள 340 டாலர் மாட்டிக்கிச்சு. காசு மூணு மாசம் கழிச்சு வந்துச்சு, 112 ரிவியூ வரவே இல்ல. அந்த ஆள் ஈமெயிலும் அப்புறம் வரல, அது வேற கத.

இப்ப உன் அண்ணன் சொல்றதுக்கு வர்றேன். அவர் 20 சதவீதத்த மட்டும் பாக்கறார், வெளிய வந்தா அது சைபர் ஆயிடும்னு நினைக்கறார். எங்க அப்பாவுக்கு மூணு ஏக்கர் செம்பனை இருந்துச்சு, குலைய மில்லுக்குக் கொண்டுபோகாம பக்கத்து ரேம்ப்ல குலை வாங்கற தவுக்கேகிட்டதான் போடுவார், டன்னுக்கு இவ்வளவுன்னு அவர் கழிச்சுக்குவார். ஏம்பா மில்லுக்கே போகலாமேன்னு கேட்டா, லோரி யாரு குடுப்பா, அர டன்னு குலைக்காக மில் வாசல்ல யாரு வரிசையில நிப்பான்னு கேப்பார். ஃபைவர் பிடிக்கற காசும் அப்படித்தான், ஆள் தேடறது, காச முன்னாடியே வாங்கி வைக்கறது, தகராறு வந்தா நடுவுல நிக்கறதுன்னு மூணு வேலைக்குக் கூலி. வெளிய வந்தா அந்த மூணையும் நீ செய்வ, உன் நேரத்துல.

அதனால சதவீதத்த விட்டுட்டு ஒரு மணி நேரத்துக்கு என்ன நிக்குதுன்னு பாரு. டாலர நம்ம காசுல 4 வெள்ளின்னு வச்சுக்குவோம். 40 ஆர்டர், ஒண்ணுக்கு மெசேஜ் பேசறதோட சேத்து 3 மணி நேரம்னா மாசம் 120 மணி நேரம். கைக்கு 800 டாலர், அதாவது 3200 வெள்ளி. மணிக்கு 26 வெள்ளி சொச்சம். காச இங்க மாத்தி எடுக்கறப்ப கொஞ்சம் போகும், அத இப்ப விட்டுருவோம்.

இப்ப நேரா ஒரு கஸ்டமர். சம்பல் செய்றவங்க ஒருத்தர், பாட்டில் லேபல் செட்டுக்கு 600 வெள்ளி தர்றார்னு வை. டிசைனுக்கு 12 மணி நேரம். அவர்கிட்ட பேசறது, கொட்டேஷன், பில், காசு எப்ப வரும்னு துரத்தறது, இதுல 5 மணி நேரம். அவரக் கண்டுபிடிக்கறதுக்கு 5 மணி நேரம், இத யாரும் எண்ண மாட்டாங்க, ஆனா நாலு பேர்கிட்ட பேசினா ஒருத்தர்தான் சரிம்பார். ஆக 22 மணி நேரம். இப்படி ஆறு வேலை செஞ்சா 132 மணி நேரம், 3600 வெள்ளி. ஆறுல ஒருத்தர் பாதிக்காசு குடுத்துட்டு மீதிய குடுக்காம காணாமப் போவார் (போவார்மா, கண்டிப்பா போவார்), அப்ப 3300. மணிக்கு 25 வெள்ளி. ஃபைவர்ல இப்ப நீ எடுக்கறதவிட ஒரு வெள்ளிக்கு மேல கம்மி!

அப்ப எதுக்குடா வெளிய வரணும்? அதே சம்பல்காரர் ரெண்டு மாசம் கழிச்சு நெத்திலி சம்பல் போடறேன், புளிக்குழம்பு பேஸ்ட் போடறேன்னு திரும்ப வர்றார் பாரு, அதுக்குத்தான். அப்ப தேடற நேரம் இல்ல, பேச்சு ரெண்டு மணி நேரத்துல முடியுது, 14 மணி நேரத்துக்கு 600 வெள்ளி, மணிக்கு 42 வெள்ளிக்கு மேல. லாபமே ரெண்டாவது வேலையிலதான் இருக்கு. அதனால நீ கேக்க வேண்டிய கேள்வி, என் வேலையில எது திரும்ப வரும்?

கல்யாண கார்டு வராது. ஒரு வீட்டுல ஒரு தடவ, நல்லா செஞ்சா அத்த மக கல்யாணத்துக்கு வரும், அவ்வளவுதான். லோகோவும் ஒரே தடவ. இந்த மாதிரி வேலைக்கு ஃபைவரே இருக்கட்டும், தினமும் புது ஆளக் கொண்டு வந்து விடறதுதான் அவங்க கெட்டிக்காரத்தனம், அத நாம அடிக்க முடியாது. லேபல் மட்டும் வெளிய எடு. இன்னொரு காரணமும் இருக்கு, நம்ம நாட்டுல சாப்பாட்டு சாமான் லேபலுக்கு 1985 உணவு விதிமுறை இருக்கு, பேரு, சேர்மானம், எடை, செஞ்சவங்க பேரு முகவரி எல்லாம் மலாய்ல இருக்கணும், ஹலால் சான்றிதழ் இல்லாம அந்த லோகோவ ஒட்ட முடியாது. நம்ம ஊரு ஊறுகாய்க்கார அம்மா வெளிநாட்டு ஆளுக்கு 15 டாலர் குடுத்து அழகா ஒரு லேபல் வாங்கினாங்க, மாங்காய் படம் எல்லாம் பிரமாதம், காலாவதி தேதி அச்சடிக்க எடமே விடல. 2000 லேபல் அடிச்சாச்சு. கடைசியில பேனாவால எழுதினாங்க, எண்ணெய் பட்டு அழிஞ்சுபோச்சு. உனக்கு இதெல்லாம் தெரியும், அதுக்குத்தான் நீ 600 கேக்க முடியும்.

எப்படி ஆரம்பிக்கறதுன்னா முதல்ல ஃபைவர்ல விலைய 30 ஆக்கு. கொஞ்ச ஆர்டர் குறையும், குறையட்டும். 40 ஆர்டர் 33 ஆனாலும் 990 டாலர் வருது, கிட்டத்தட்ட அதே காசு, ஆனா வேலை 99 மணி நேரம்தான், மாசம் 21 மணி நேரம் கைக்குத் திரும்ப வந்துடுச்சு. அந்த 21 மணி நேரம்தான் உன் முதல், அத வச்சு நேர் கஸ்டமர் தேடு. 33க்கும் ரொம்பக் கீழ போச்சுன்னா ஏத்தினது கூடிப்போச்சுன்னு அர்த்தம், 28க்கு இறங்கிக்கோ. அந்த 21 மணி நேரத்தையும் சேத்து ஆர்டர் எடுத்து நிரப்பிடாத, நிறைய பேர் அங்கதான் கவுந்துடறாங்க, விலையும் ஏறும், வேலையும் அதேதான், நேர் கஸ்டமர் மட்டும் அடுத்த மாசம் அடுத்த மாசம்னு தள்ளிப் போய்ட்டே இருக்கும்.

அந்த நேரத்துல ஃபேஸ்புக்ல விளம்பரம் போட்டுட்டு உக்காந்திருக்காத. ஈப்போவுல லேபல் அடிக்கற பிரிண்டிங் கடைக்குப் போ. அந்தக் கடைக்கு தினமும் நாலு பேர் வாட்ஸாப்ல வந்த மங்கலான படத்த குடுத்து இத அடிச்சுக் குடுங்கம்பாங்க, கடைக்காரருக்கு அது தலைவலி. ஃபைல் சரி பண்ணித் தர்றேன், ஒண்ணுக்கு 80 வெள்ளின்னு சொல்லு. சின்ன காசுதான், ஆனா சம்பல்காரரும் பிஸ்கட்காரரும் முறுக்குக்காரரும் அவர் வாசலுக்குத்தான் வர்றாங்க, அங்க நீ இருக்கன்னு ஒரு தடவ தெரிஞ்சா போதும். எனக்கு முதல் ஏழு நேர் கஸ்டமர்ல அஞ்சு பேர் ஒரே பிரிண்டர்கிட்ட இருந்து வந்தவங்க. அவரோட கஸ்டமர அவருக்குத் தெரியாம வேற பிரஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போயிடாத, அந்தக் கதவு அன்னிக்கே மூடிடும்.

காசு விசயத்துல கறாரா இரு. பாதி முன்பணம் வந்த பிறகுதான் கம்ப்யூட்டர திறக்கணும். திருத்தம் ரெண்டு தடவ, மூணாவதுக்கு இவ்வளவுன்னு வாட்ஸாப்லயாவது எழுதி சரின்னு வாங்கிக்கோ, நீங்க பாத்து குடுங்க, நாமெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுன்னு சொல்றவர்கிட்ட ரெண்டு மடங்கு தெளிவா எழுது. பாக்கறதுக்கு சின்ன சைஸ் படம், மேல கோடு போட்டு அனுப்பு, பிரஸ்ஸுக்குப் போற ஃபைல் மீதிப்பணம் வந்தப்புறம்தான். இத ஒழுங்கா செஞ்சா ஏமாந்தாலும் பாதிதான் போகும், மேல கணக்குல நான் 300 மட்டும் கழிச்சது இதனாலதான்.

எஸ்எஸ்எம், அதான் கம்பெனிப் பதிவு ஆபீஸ், அங்க தொழிலப் பதிவு பண்ணிடு, சொந்தப் பேர்லன்னா வருசம் 30 வெள்ளி, கம்பெனிப் பேரு வச்சா 60. வருமான வரிக்கு பாரம் பி, ஜூன் 30க்குள்ள. ஃபைவர் வருமானமும் அதுலதான் வரும், டாலர்ல வந்ததுன்னு விட்டுறாத.

முழுசா எப்ப இறங்கறது? என் அளவு என்னன்னா, நேர் கஸ்டமர் காசு தொடர்ந்து ஆறு மாசம் வீட்டுச் செலவுல பாதிய தாண்டணும், அதுல ஒரே ஆள்கிட்ட இருந்து மூணுல ஒரு பங்குக்கு மேல வரக்கூடாது. ஆறு மாசம்னு சொல்றதுக்குக் காரணம் தீபாவளி. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி முறுக்கு, பலகாரம்னு லேபல் வந்து குவியும், ஆகா வந்துட்டோம்னு தோணும். அப்புறம் பிள்ளைங்க ஸ்கூல் செலவு வரும், நம்ம கஸ்டமர்ங்க கையில காசு இருக்காது, நீ சும்மா உக்காந்திருப்ப. நான் ஒரு தீபாவளிக் காச நம்பி மார்க்கெட்பிளேஸ் ஆர்டர அப்படியே நிப்பாட்டிட்டு ரெண்டே மாசத்துல திரும்பப் போனேன், தேடல்ல மூணாவது பக்கத்துக்குப் போயிருந்தேன், பழையபடி வர அஞ்சு மாசம் ஆச்சு. அதனால அந்த அளவு வந்தாலும் மூடாத. வாரத்துக்கு ரெண்டு மூணு ஆர்டர் மட்டும் எடு, விலைய இன்னும் ஏத்திக்கோ, அக்கவுண்ட் உயிரோட இருக்கட்டும். அம்மாகிட்டயும் இத சொல்லு, அவங்க பயம் சரியான பயம்தான்.

ஆஸ்திரேலியாக்காரருக்கு இன்னிக்கே பதில் போடு, ஃபைவர்லயே. இங்கயே செஞ்சிக்கலாம், மாசா மாசம் வேலை இருந்தா தனி ஆஃபர் அனுப்பறேன்னு. ஒண்ணு 30 டாலர், பேரம் பேசினாலும் 28க்குக் கீழ போகாத.