வந்த ஊரை வாசியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குத் தென்காசிப் பக்கம். வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. வேளச்சேரியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறேன். அறையில் உடன் இருப்பவருக்கு இரவுப் பணி, அதனால் நாங்கள் பார்த்துக்கொள்வதே அபூர்வம். அலுவலகத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் ஏழு மணிக்கு மேல் பேச ஆளில்லை. ஊரில் நிறைய வாசிப்பேன். இங்கே இரண்டு பக்கம் தாண்ட முடியவில்லை. கொண்டுவந்த பெரிய நாவலில் முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வண்ணதாசன் கதைகளை எடுத்தால் அழுகை வருகிறது. தனிமையைப் போக்கும் புத்தகங்கள் சிலவற்றைச் சொல்ல முடியுமா?

கா., வேளச்சேரி

அன்புள்ள கா.,

முதலில் அந்த இரண்டு பக்கக் கணக்கைப் பார்ப்போம். ஊரில் யோசிக்காமலே செய்த நூறு காரியங்களை இப்போது யோசித்துச் செய்துகொண்டிருக்கிறீர்கள். எந்தப் பஸ், சாலையின் எந்தப் பக்கம் நின்று ஏறுவது, விடுதியில் வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், எந்தக் கடையில் சில்லறை தருவார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கவனம் செலவாகிறது. ஏழு மணிக்கு அறைக்குள் வரும்போது அது தீர்ந்துபோயிருக்கும். பெரிய நாவல் ஒன்று தொடக்கத்தில் வாசகரிடம் கேட்பதும் அதைத்தான். பத்துப் பெயர்கள், யார் யாருக்கு என்ன உறவு, ஒரு புது ஊரின் தெருக்கள், எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறது. ஏற்கெனவே ஒரு புது ஊரை மனதில் ஏற்றிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இன்னொன்றுக்கு எங்கே இடம்? நாவலை அலமாரியில் வையுங்கள். தை மாதம் வாக்கில் அதுவாகவே திறந்துகொள்ளும்.

இப்போதைக்குச் சிறுகதைகளே போதும். ஒரு நாளைக்கு ஒன்று, உட்கார்ந்த இடத்தில் முடிகிற அளவில். படுக்கையில் படுத்துக்கொண்டு பதினொரு மணிக்குப் படிக்க வேண்டாம். வேலையிலிருந்து திரும்பி, முகம் கழுவி, செல்பேசியை எடுப்பதற்கு முன்னால் படியுங்கள். தனியாக வந்திருப்பவர்களுக்கு மிகக் கனமான நேரம், வந்து கதவைச் சாத்திய அந்த முதல் அரை மணி நேரம்தான். அதைப் புத்தகத்துக்குக் கொடுத்துவிட்டால் மீதி மாலை தானாக நகர்ந்துவிடும்.

வண்ணதாசனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அழுவது இயல்பு. அவர் எழுதும் வீடுகளும் வாசல்களும் மனிதர்கள் கூப்பிடும் முறையும் நீங்கள் விட்டுவந்தவை. இரவில் தனி அறையில் அவற்றைப் படித்தால் கதை கண்ணில் படாது, வீடுதான் படும். அவரை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பகலில், ஞாயிற்றுக்கிழமை காலையில், நாலு பேர் நடமாடும் இடத்தில் உட்கார்ந்து படியுங்கள். அதே கதை வேறு மாதிரி இருக்கும்.

நீங்கள் கேட்டது தனிமையைப் போக்கும் புத்தகங்கள். தனிமையைப் பற்றிய புத்தகங்களை நான் இப்போது சொல்ல மாட்டேன். அவை உங்கள் அறையின் சுவர்களையே மறுபடியும் காட்டும். உங்களுக்கு இன்று வேண்டியது நீங்கள் வந்து சேர்ந்த ஊரைப் பற்றிய எழுத்து. சென்னைக்கு அந்தக் குறை இல்லை. இங்கே வந்து தவித்தவர்கள்தான் தமிழில் நல்ல கதைகளில் பலவற்றை எழுதியிருக்கிறார்கள்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையிலிருந்து தொடங்குங்கள். முன்பே படித்திருப்பீர்கள். ஆனால் தென்காசியில் இருந்தபோது படித்தது வேறு. பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் மூலையில் கந்தசாமிப் பிள்ளை நின்றுகொண்டிருக்கிறார். டிராமில் போய்க் காசை மிச்சம் பிடித்து வெற்றிலை வாங்குவதா, பஸ்ஸில் போய்க் காபி குடிப்பதா என்று அவருக்குக் கணக்கு. அப்போது ஒருவர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். வந்தவர் கடவுள். ஊருக்குப் புதியவர், வழி தெரியாதவர், காபிக் கடையில் எதைக் குடிக்கிறோம் என்றுகூடத் தெரியாதவர். படித்தால் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்கு நடுவில், ஊர் தெரியாமல் நிற்பது கடவுளுக்கே நேரும் என்பதைப் புதுமைப்பித்தன் எத்தனை சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார் என்று பாருங்கள். கேட்கிற ஒரு கேள்வியில்தான் இருவருக்கும் பழக்கம் தொடங்குகிறது. பிறகு காபி, பிறகு ரிக்‌ஷா, பிறகு வீடு. அந்த வீட்டுக் குழந்தை விருந்தாளியோடு ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? கந்தசாமிப் பிள்ளைக்கு மேலகரம் சொந்த ஊர். தென்காசியை ஒட்டிய மேலகரம்தான். பட்டணத்து மூலையில் நின்று காசுக் கணக்குப் பார்ப்பவர் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்.

கதையை அறையில் ஒருமுறை படித்துவிட்டு, விடுமுறை நாளில் புத்தகத்தோடு கிளம்புங்கள். வேளச்சேரியிலிருந்து கடற்கரை வரை போகும் பறக்கும் ரயிலில் ஏறினால் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து உயர் நீதிமன்றத்தின் பக்கம் நடக்கும் தூரம்தான். எஸ்பிளனேடு என்பது இன்றைய என்.எஸ்.சி. போஸ் சாலை. பிராட்வேக்கு இப்போது பிரகாசம் சாலை என்று பெயர், ஆனாலும் பிராட்வே என்று கேட்டால்தான் எல்லோருக்கும் தெரியும். டிராம் 1953-இல் நின்றுபோனது. மற்றபடி நெரிசலும் சத்தமும் கதையில் உள்ளபடியே இருக்கின்றன. அந்த மூலையில் ஓர் ஓரமாக நின்று முதல் பக்கத்தை மட்டும் மறுபடி படியுங்கள். பிறகு யாரிடமாவது திருவல்லிக்கேணிக்கு வழி கேளுங்கள். செல்பேசி வரைபடம் காட்டும்தான், இருந்தாலும் வாய்விட்டுக் கேளுங்கள். திரும்பும்போது அதே ரயில் பாதையில் திருவல்லிக்கேணி நிலையம் இருக்கிறது. இறங்கினால் பார்த்தசாரதி கோயில் தெருக்களைப் பார்க்கலாம், பாரதி வாழ்ந்த வீட்டைப் பார்க்கலாம். அவரும் 1904-இல் சுதேசமித்திரனில் வேலைக்காக வந்தவர்தான்.

இப்படி ஒரு கதையை அதன் இடத்தில் படித்துவிட்டால் ஊரில் உங்களுக்கென்று ஒரு மூலை கிடைக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, 'இங்கேதான்' என்று மனம் சொல்லும். நாலைந்து மூலைகள் அப்படிச் சேர்ந்த பிறகு, ஊர் உங்களை முறைப்பதுபோல் இருக்காது.

புதுமைப்பித்தன் சென்னையில் இருந்த காலத்தில் அவர் மனைவி கமலா பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் இருந்தார். மனைவிக்குப் புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற தொகுப்பாக வந்திருக்கின்றன. கதைகளில் அத்தனை எக்களிப்பாகப் பேசும் மனிதர், கடிதங்களில் பணத்துக்கும் உடம்புக்கும் பிரிவுக்கும் நடுவே கிடந்து தவிப்பதைப் பார்க்கலாம். ஆனால் இதை இரண்டு மூன்று மாதம் கழித்துப் படியுங்கள். இப்போது படித்தால் கனம் கூடும்.

புத்தகங்களை வாங்கிக் குவிக்க வேண்டாம். புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனாலும் நூலகத்துக்குப் போய்த்தான் படிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். உங்களுக்குக் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகம். தமிழ் நூல்கள் இரண்டாம் தளத்தில் இருக்கின்றன. நம் கையில் உள்ள புத்தகத்தை எடுத்துச் சென்று படிக்கவும் அங்கே தனிப் பிரிவு உண்டு. பெரிய கட்டடம் அச்சமாக இருந்தால் வேளச்சேரியிலேயே கிளை நூலகம் எங்கே என்று விசாரியுங்கள். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். இது உங்களைப் போன்றவர்களுக்கு எத்தனை பெரிய வசதி! உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை வேண்டியதில்லை, பதிவேட்டில் பெயர் எழுதினால் போதும்.

வாசிப்பு அறையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நீள மேசையில் அன்றைய நாளிதழ்கள் பக்கம் பக்கமாகப் பிரிந்து கிடக்கும். எதிரே இருக்கும் பெரியவர் ஒருவர் தான் முடித்த பக்கத்தை உங்கள் பக்கம் தள்ளிவிட்டு, உங்களிடம் உள்ளதற்குக் கை நீட்டுவார். ஒரு வார்த்தையும் பேச மாட்டார். அடுத்த வாரம் அதே நேரத்துக்குப் போனால் அவர் இருப்பார், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அதே இரண்டு பெண்கள் இருப்பார்கள். மூன்றாவது வாரம் தலையசைப்பார்கள். பேச்சு வரலாம், வராமலும் போகலாம். ஏழு மணிக்கு மேல் பேச ஆளில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பேசாமல் கூடவே இருப்பதற்கும் ஆட்கள் தேவை. அதனால் நேரத்தை மாற்றாமல் போங்கள்.

அடுத்து அசோகமித்திரன். செகந்திராபாதில் வளர்ந்து, தந்தை இறந்த பிறகு 1952-இல் சென்னைக்கு வந்தவர். வந்த ஊரை அவரைப்போல் பொறுமையாகப் பார்த்தவர்கள் குறைவு. 'புலிக்கலைஞன்' கதையில் வேலை கேட்டு ஸ்டூடியோவுக்கு வரும் காதரைப் பாருங்கள். அதன்பின் 'தண்ணீர்', சின்ன நாவல். குழாயில் தண்ணீர் வராத சென்னைத் தெருவில் ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள். மனம் விட்டுப்போன ஜமுனாவிடம் பக்கத்தில் இருக்கும் டீச்சரம்மா பேசும் பகுதி ஒன்று வரும். அதை மட்டும் பாதியில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் படியுங்கள். டீச்சரம்மா ஜமுனாவுக்குச் சமாதானம் சொல்லவில்லை. தன் வாழ்க்கையைச் சொல்கிறார். நீங்கள் தேடும் புத்தகம் அந்தச் சில பக்கங்களில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மதிய உணவுக்கு அலுவலகத்தில் கூப்பிடும்போது, புத்தகம் இருக்கிறது என்று நீங்கள் தட்டிக்கழிக்கத் தொடங்கினால் வாசிப்பு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டது என்று அர்த்தம். அன்று புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் குறைந்துகொண்டே போனாலோ, வேலைக்குப் போகவே கால் எழவில்லை என்றாலோ அதற்குப் புத்தகம் மருந்தல்ல. மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டுக்குத் தினமும் பேசுவீர்கள் அல்லவா? 'சாப்பிட்டாயா' என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடாமல், கந்தசாமிப் பிள்ளை கதையை அம்மாவுக்குத் தினம் இரண்டு பக்கம் தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள். மேலகரத்துக்காரர் என்றதும் எந்தத் தெரு என்று கேட்பார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்